‘பேமென்ட் ஃபெயில்டு’ படத்தைப் படிப்பது எப்படி? பணம் போனதா, கணக்கிலேயே இருக்கிறதா?

சிவப்புக் குறி போட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பணம் போயிடுச்சா பாரு” என்று அம்மாவோ மாமியாரோ கேட்பது பல வீடுகளில் வாடிக்கையாகிவிட்டது. படத்தில் இருப்பது நாலைந்து ஆங்கில வரிகள்தான். அவற்றை அப்படியே தமிழாக்கிச் சொன்னால் “பணம் செலுத்துதல் தோல்வி” என்றுதான் வரும். கேட்டவருக்கு வேண்டிய பதில் அதில் இருக்காது. எந்த வரி எதைச் சொல்கிறது, எந்த வரி எதையும் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பதில் கிடைத்துவிடும். யூபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது உதவக்கூடிய குறிப்புகள் இங்கே.

1. ‘போய்ச் சேர்ந்ததா’ வேறு, ‘கணக்கை விட்டுப் போனதா’ வேறு

பின் எண்ணைப் போட்டதும் நடப்பது இதுதான்: முதலில் நம் வங்கி நம் கணக்கிலிருந்து தொகையை எடுக்கிறது. பிறகு என்பிசிஐ நடத்தும் யூபிஐ அமைப்பின் வழியாக, கடைக்காரரின் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லி செய்தி போகிறது. அந்த வங்கி வரவு வைத்துவிட்டுச் சரி என்று பதில் அனுப்பினால்தான் நம் திரையில் பச்சைக் குறி வரும்.

சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்தால் பணம் நம்மிடமே இருக்கும். இரண்டாம் கண்ணியில் அறுந்தால், நம் கணக்கில் பணம் குறைந்திருக்கும், கடைக்காரருக்கும் வந்திருக்காது. இரண்டுக்கும் திரை ஒரே ‘Failed’ என்ற சொல்லைத்தான் காட்டும். ஆகவே அந்தச் சொல்லை “கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை” என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கை விட்டுப் போனதா என்பதை மற்ற வரிகளில்தான் தேட வேண்டும்.

2. முதலில் வந்த திரையை அல்ல, விவரப் பக்கத்தைக் கேளுங்கள்

பலரும் சிவப்புக் குறி வந்த நொடியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தத் திரையில் தொகையும் பெயரும் மட்டுமே இருக்கும். மேலும், படம் என்பது அந்த நொடியின் நிலை. பத்து நிமிடம் கழித்து அதே பரிவர்த்தனை வேறு நிலையில் இருக்கலாம்.

செயலியில் ‘History’ அல்லது ‘Transaction history’ என்ற இடத்துக்குப் போய், அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் முழு விவரம் விரியும். அதை அடிவரை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் இரண்டு நேரங்கள் இருக்கும். திரையின் மேல் மூலையில் இருப்பது படம் எடுத்த நேரம். விவரத்துக்குள் இருப்பது பணம் அனுப்பிய நேரம். இரண்டுக்கும் இடைவெளி ஒரு நிமிடம்தான் என்றால், மீண்டும் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு பதில் சொல்லுங்கள்.

கூகுள் பே, போன்பே, பீம் ஆகியவற்றின் அமைப்புகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான வரிகள் தமிழில் வரும். ஆனாலும் வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ், பாஸ்புக் பதிவு போன்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் கீழே சொல்லும் சொற்கள் தெரிந்திருப்பது நல்லது.

3. மேலே இருக்கும் நிலைச்சொல்

பெரிய எழுத்தில் இருக்கும் சொல் இந்த மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

‘Successful’, ‘Completed’, ‘Paid’: பணம் நம்மிடமிருந்து போய், எதிர்ப்புறம் சேர்ந்துவிட்டது.

‘Failed’, ‘Declined’: எதிர்ப்புறம் சேரவில்லை. நம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம், எடுக்கப்படாமலும் இருக்கலாம்.

‘Pending’, ‘Processing’: இன்னும் முடிவாகவில்லை. பெரும்பாலும் பணம் நம் கணக்கை விட்டுக் கிளம்பியிருக்கும். கடைக்காரரின் வங்கியிலிருந்து பதில் வர வேண்டியிருக்கும். இது வெற்றியாகவும் மாறலாம், தோல்வியாகவும் மாறலாம்.

இந்த மூன்றில் ஆபத்தானது மூன்றாவதுதான். ‘Failed’ என்று வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். ‘Pending’ என்று வந்தால் “சரியாகப் போகலை போல” என்று உடனே மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு முதலாவதும் போய்ச் சேர்ந்து, இரண்டு தடவை பணம் கட்டியதாக ஆகிவிடுகிறது.

4. காரண வரிதான் பாதி பதில்

நிலைச்சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு காரணம் இருக்கும். அது நம் வங்கி பணத்தை எடுக்கும் முன்பே மறுத்ததைச் சொல்கிறதா, அதற்குப் பிறகு எங்கோ தடைபட்டதைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

‘Incorrect UPI PIN’ என்றால் பின் எண் தவறு. ‘Insufficient balance’ அல்லது ‘Insufficient funds’ என்றால் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. ‘Limit exceeded’ என்றால் அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த மூன்றிலும் நம் வங்கி வாசலிலேயே நிறுத்திவிட்டது. பணம் கணக்கை விட்டுப் போகவில்லை. நிம்மதியாகச் சொல்லலாம்.

‘Bank server not responding’, ‘Timed out’, ‘Technical issue’, ‘Beneficiary bank unavailable’ போன்றவை வேறு வகை. வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை, நேரம் கடந்துவிட்டது, தொழில்நுட்பக் கோளாறு, பெறுபவரின் வங்கி கிடைக்கவில்லை என்று பொருள். இவற்றில் பணம் எடுக்கப்பட்டிருக்கலாம். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு “போகலை, கவலைப்படாதே” என்று சொல்லிவிடக் கூடாது.

சில செயலிகள் காரணத்துக்குப் பதிலாக ஒரு குறியீட்டைக் காட்டும். Z9 என்றால் பணம் போதவில்லை, ZM என்றால் பின் எண் தவறு, U30 என்றால் கணக்கிலிருந்து எடுப்பதே நடக்கவில்லை, U68 என்றால் எதிர்ப்புறம் வரவு வைப்பதில் நேரம் கடந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது வந்தால் கணக்கைக் கட்டாயம் பாருங்கள்.

5. ‘If’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்

தோல்விப் பக்கத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘If money was debited, it will be refunded’. இதன் பொருள்: “ஒருவேளை பணம் எடுக்கப்பட்டிருந்தால், திரும்ப வரும்.” அவசரமாகப் படிப்பவர்கள் முன்பாதியை விட்டுவிட்டு, “பணம் பிடிச்சிட்டாங்களாம், திரும்பத் தருவாங்களாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். எடுக்காத பணத்துக்கு வீட்டில் ஐந்து நாள் காத்திருப்பு தொடங்கிவிடுகிறது. உண்மையில் அந்த வரி எல்லாத் தோல்விகளுக்கும் பொதுவாகப் போடப்படுவது. நம் பணம் எடுக்கப்பட்டதா என்று செயலி பார்த்துச் சொல்வதல்ல.

இதே குழப்பத்தைத் தருவது ‘Debited from’ என்ற வரி. அதற்குக் கீழே வங்கிப் பெயரும் கணக்கின் கடைசி நான்கு எண்களும் இருக்கும். எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முயன்றோம் என்பதைக் காட்டும் தலைப்பு அது. தோல்விப் பக்கத்திலும் இது இருந்தால், எடுத்தாகிவிட்டது என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அந்த நான்கு எண்கள் முக்கியம். வீட்டில் இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால், எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று அவைதான் சொல்லும்.

6. பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

விவரப் பக்கத்தில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பது அந்தச் செயலியின் சொந்த எண். வங்கிக்கு அது புரியாது. முழுக்க முழுக்க எண்களாக, சரியாக 12 இலக்கம் இருப்பதுதான் வங்கிக்குத் தெரிந்த எண். செயலிக்குச் செயலி அதன் பெயர் மாறும்: ‘UTR’, ‘UPI transaction ID’, ‘UPI Ref No’ என்று எப்படி எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ், பாஸ்புக், ஸ்டேட்மென்ட் ஆகியவற்றில் பெரும்பாலும் இதே 12 இலக்க எண் வரும். தொகையையும் நேரத்தையும் வைத்துத் தேடினால் அதே கடையில் முந்தைய நாள் கட்டியதோடு குழம்பிவிடும். எண்ணை வைத்துத் தேடினால் அந்தக் குழப்பம் இல்லை.

7. கடைசித் தீர்ப்பு வங்கிக் கணக்கில்தான்

படம் எதைச் சொன்னாலும், பணம் போனதா என்பதற்கு இறுதிச் சான்று கணக்குப் பதிவு. எஸ்எம்எஸ் வந்திருந்தால் அதில் ‘debited’ என்பது பற்று, அதாவது எடுக்கப்பட்டது. ‘Credited’ என்பது வரவு. எஸ்எம்எஸ் வரவில்லை என்பதால் பணம் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது தாமதமாக வரலாம், வராமலும் போகலாம்.

செயலியிலேயே பின் எண் போட்டு இருப்பைப் பார்க்கலாம். ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் அது உதவும். அதைவிட மினி ஸ்டேட்மென்ட் நல்லது. பாரத ஸ்டேட் வங்கியில் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 09223866666 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசிப் பரிவர்த்தனைகள் எஸ்எம்எஸ்ஸில் வரும். மற்ற பல வங்கிகளிலும் இதுபோன்ற எண் உண்டு.

பல வங்கிகளின் பதிவில் UPI/DR என்றிருந்தால் யூபிஐ வழியாக எடுக்கப்பட்டது, UPI/CR என்றிருந்தால் வந்தது, UPI/REV என்றிருந்தால் எடுத்தது திரும்ப வைக்கப்பட்டது. 12 இலக்க எண்ணோடு DR மட்டும் இருந்தால் பணம் வெளியே இருக்கிறது. அதே எண்ணோடு DR, REV இரண்டும் இருந்தால் போய்த் திரும்பிவிட்டது. எதுவுமே இல்லை என்றால் பணம் கிளம்பவே இல்லை.

ஒரு விதிவிலக்கு: பின் எண் கேட்காமலே சிறு தொகைகள் போகும் ‘UPI Lite’ மூலம் கட்டியிருந்தால், அந்தச் செலவு வங்கிப் பதிவில் தனித்தனியாக வராது. செயலிக்குள் இருக்கும் லைட் இருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

8. ஒரு படத்தை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்

2025 ஜூன் 14, சனிக்கிழமை மாலை, மளிகைக் கடையில் 640 ரூபாய் கட்ட முயன்ற ஒருவரின் விவரப் பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
Payment failed
₹640
14 Jun 2025, 7:42 PM
Bank server not responding
If money was debited, it will
be refunded in 3-5 working days
Debited from: XXXX4821
UPI transaction ID: 516512345678
```

முதல் வரி: கடைக்குப் பணம் சேரவில்லை. நான்காம் வரி: வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. எந்த வங்கி என்று சொல்லாததால் பணம் எடுக்கப்பட்டிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு வரிகள்: எடுக்கப்பட்டிருந்தால் மூன்று முதல் ஐந்து வேலைநாளில் திரும்ப வரும். எடுக்கப்பட்டதா என்பதற்கு இங்கே பதில் இல்லை. அதற்கடுத்த வரி: 4821 என்று முடியும் கணக்கைப் பார்க்க வேண்டும். கடைசி வரி: தேட வேண்டிய எண்.

படத்தை அனுப்பியவருக்கு இப்படிச் சொல்லலாம்: “கடைக்காரருக்குப் போகலைம்மா. நம்ம கணக்குல எடுத்தாங்களான்னு இந்தப் படத்துல தெரியலை. 4821-ன்னு முடியற கணக்கோட மினி ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. 516512345678-ன்னு ஒரு வரி இருக்கான்னு சொல்லுங்க.”

ஸ்டேட்மென்ட்டில் அந்த எண்ணோடு 640 ரூபாய்க்கு UPI/DR வந்திருந்தது என்று கொள்வோம். REV இல்லை. ஆக, பணம் கணக்கை விட்டுப் போயிருக்கிறது, கடைக்கும் சேரவில்லை. இனி பார்க்க வேண்டியது தேதி.

9. நாள் கணக்கை நீங்களே போடுங்கள்

இப்படி நடுவழியில் நிற்கும் பணத்தைத் தானாகவே திரும்ப வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் காலக்கெடு விதித்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிச் சேரவில்லை என்றால், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள். கடைக்குக் கட்டி உறுதி கிடைக்கவில்லை என்றால், அனுப்பிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள். அனுப்பிய நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலண்டர் தேதிப்படி எண்ண வேண்டும்; ஞாயிறை விட்டுவிட வேண்டியதில்லை. செயலி ‘working days’ என்று எழுதியிருந்தாலும் கெடு இதுதான்.

மேலே சொன்ன கணக்கில் ஜூன் 14-க்கு ஐந்து நாள் கழித்து ஜூன் 19. அதற்குள் 640 ரூபாய் திரும்பியிருக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. ஜூன் 22-இல்தான் வந்தது என்றால் 20, 21, 22 ஆகிய மூன்று நாளுக்கு 300 ரூபாய் சேர்ந்து வர வேண்டும். இந்த ஈட்டை நாம் கேட்காமலே வங்கி தர வேண்டும் என்பது விதி. வரவில்லை என்றால் கேட்கலாம்.

10. கடையில் நிற்கும்போது என்ன செய்வது?

‘Failed’ என்று வந்தால், காரண வரியைப் பாருங்கள். பின் எண் தவறு என்றால் மறுபடி போடலாம். வங்கிக் கணினி சிக்கல் என்றால், முடிந்தால் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். அதே வங்கியில் மறுபடி முயன்றால் இரண்டு தொகை நடுவழியில் நிற்கக்கூடும்.

‘Pending’ என்று வந்தால் சில நிமிடம் பொறுத்து, விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைக்காரரின் ஒலிப்பெட்டி “பெறப்பட்டது” என்று சொன்னதா, அவர் செயலியில் வரவு தெரிகிறதா என்று கேளுங்கள். அவரிடம் பணம் வந்துவிட்டால், நம் திரை எதைக் காட்டினாலும் கணக்கு முடிந்தது. வரவில்லை என்றால், நம் பெயரையும் 12 இலக்க எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ரொக்கம் கொடுங்கள். பிறகு முதல் தொகையும் வந்து சேர்ந்தால், அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்க வசதியாக இருக்கும். அந்த நிலையில் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் கடைக்காரர்தான், வங்கி அல்ல.

11. கெடு தாண்டினால் புகார்

முதலில் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, ‘Help’, ‘Raise dispute’, ‘Report issue’ என்று எது இருக்கிறதோ அதைத் தொட்டுப் பதிவு செய்யுங்கள். கூடவே வங்கிக் கிளையிலும் எழுத்தில் கொடுங்கள். நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு போதும்:

“என் 4821 என்று முடியும் சேமிப்புக் கணக்கிலிருந்து 14.6.2025 அன்று யூபிஐ மூலம் ரூ.640 எடுக்கப்பட்டது. பரிவர்த்தனை தோல்வி. எண் 516512345678. கடைக்கு வரவு ஆகவில்லை. ஐந்து நாள் கெடு முடிந்தும் தொகை திரும்பவில்லை. தொகையையும், தாமதத்துக்கான நாளொன்றுக்கு ரூ.100 ஈட்டையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதோடு விவரப் பக்கத்தின் படத்தையும், DR பதிவு இருக்கும் ஸ்டேட்மென்ட்டையும் இணையுங்கள். படம் மட்டும் போதாது. பணம் எடுக்கப்பட்டதைக் காட்டுவது ஸ்டேட்மென்ட்தான். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

12. படத்தை யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் கவனம்

பணம் நடுவழியில் நிற்கும் நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். தோல்விப் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுப் புலம்பினால், சில நிமிடத்திலேயே “வாடிக்கையாளர் சேவை” என்ற பெயரில் யாராவது தொடர்புகொள்வார்கள். படத்தில் பெயர், யூபிஐ முகவரி, வங்கி, தொகை எல்லாம் இருப்பதால் அவர்கள் பேச்சு நம்பும்படி இருக்கும். வீட்டாருக்கு அனுப்பினாலும் குடும்பக் குழுவில் போடாமல், ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

உதவி எண்ணை இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். செயலிக்குள் இருப்பதையோ, ஏடிஎம் அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருப்பதையோ மட்டும் அழையுங்கள். திரும்ப வரும் பணம் எடுத்த கணக்குக்கே தானாக வரும். அதற்கு இணைப்பைத் தொட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, வேறு செயலியை இறக்கித் திரையைக் காட்ட வேண்டியதில்லை. பின் எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான்; பெறுவதற்கு அது தேவையே இல்லை. “ரீஃபண்டுக்குப் பின் போடுங்க” என்று யாராவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள்.